‘கடன் முடிந்துவிட்டது’ என்று சொன்ன ஸ்கூட்டரை வாங்கிய அனுபவம்

2024 பிப்ரவரியில், இணையத்தில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து நான் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினேன். விளம்பரத்தில் மூன்று விவரங்கள் இருந்தன: ஒரே உரிமையாளர், 11,000 கிலோமீட்டர் ஓடியது, கடன் முடிந்துவிட்டது. இவற்றில் முதலாவது மட்டுமே சரியாக இருந்தது. ஆனாலும் விற்றவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இன்றும் நான் நம்புகிறேன். மீட்டரில் தெரிந்த எண்ணைத்தான் அவர் ஓடிய தூரம் என்று எழுதினார். கடைசித் தவணை கட்டியதும் வந்த குறுஞ்செய்தியைத்தான் கடன் முடிந்ததற்கு ஆதாரமாக வைத்திருந்தார். நல்ல மனிதரிடம் வாங்கும்போது எங்கே சிக்கல் வரும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இந்த ஸ்கூட்டருக்கு முன்பு வேறொரு விளம்பரத்தில் சில நாட்களை வீணாக்கியிருந்தேன். அந்த வண்டியின் விலை, அதே மாடலுக்கு மற்றவர்கள் கேட்டதில் பாதிதான் இருந்தது. தமக்குத் திடீரென்று வேலை மாற்றல் வந்துவிட்டதாகவும், வண்டியைப் பொதிசேவை மூலம் அனுப்பிவைப்பதாகவும், முன்பணம் மட்டும் போட்டால் போதும் என்றும் விளம்பரம் கொடுத்தவர் சொன்னார். கேட்காமலேயே ஆர்.சி.யின் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். அந்தப் படங்கள் உண்மையானவையாகவே இருந்திருக்கலாம். முன்பு வேறு யாரோ வண்டி விற்கும்போது அனுப்பிய படங்களைச் சேர்த்துவைத்து இப்படிப் பயன்படுத்துவது வழக்கமான மோசடிதான். காணொலி அழைப்பில் வந்து, சாவியைப் போட்டு ஹேண்டில் பூட்டைத் திறந்து காட்டி, அப்படியே கேமராவைச் சேஸிஸ் எண்ணுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் கேட்டேன். வண்டியைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது ஒரு நிமிட வேலை. அவர் கோபப்பட்டார், பிறகு பதில் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்துப் பார்த்த விளம்பரத்தின் உரிமையாளரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, அவர் உடனே காணொலியில் வந்து எல்லாவற்றையும் காட்டினார். ஆர்.சி.யின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். காப்பீட்டுப் பத்திரத்தையும் சேர்த்தே அனுப்பினார். ஆர்.சி.யில் அவருடைய பெயருக்குக் கீழே, கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது.

“சார், அது வாங்கும்போது போட்டது. கடன் முடிஞ்சு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு” என்றார் அவர். கடைசித் தவணை வரவு வைக்கப்பட்டதாக 2022 மே மாதம் வந்த குறுஞ்செய்தியையும் அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறியிருப்பேன். கடன் தீர்வது ஒரு நிகழ்வு, ஆர்.சி.யிலிருந்து கடன் கொடுத்தவரின் பெயர் நீங்குவது அதிலிருந்து தனியான இன்னொரு நிகழ்வு. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாகவே நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நிதி நிறுவனம், தனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை என்று எழுத்தில் ஒரு சான்று கொடுக்க வேண்டும். நாம் அதை என்.ஓ.சி. என்கிறோம். அந்தச் சான்றோடு பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்த பிறகுதான் பதிவேட்டில் அந்தப் பெயர் நீக்கப்படுகிறது. அது நீங்கும்வரை வண்டியின்மீது நிதி நிறுவனத்துக்கு உள்ள உரிமை காகிதத்தில் உயிரோடு இருக்கும். வண்டி யார் கைக்குப் போனாலும் அது வண்டியோடு கூடவே போகும். நான் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்குப் போயிருந்தால், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். பணம் அவரிடமும், வண்டி என்னிடமும், உரிமை மூன்றாமவரிடமும் இருந்திருக்கும்.

பதிவு எண்ணைக் கொடுத்தால் விவரம் காட்டும் அரசுத் தளத்தில் பார்த்தேன். அங்கேயும் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. இதை அவரிடம் சொன்னபோது, “என்.ஓ.சி.ன்னு தனியா ஒண்ணு வாங்கணும்னு எனக்குத் தெரியாது சார்” என்றார். அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. மாறாக, இவர் மற்ற விஷயங்களிலும் இதேபோல் தமக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறார், தெரியாததை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

வண்டியைப் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் அவருடைய வீட்டுக்கே போனேன். வருவதற்கு முன்பு என்ஜினை ஓட்டிச் சூடாக்கிவைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே கேட்டுக்கொண்டேன்; ஏற்கெனவே சூடாக இருக்கும் என்ஜின், காலையில் முதல்முறை எழுப்பும்போது படும் சிரமத்தைக் காட்டாது. போனதும் உறையைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. ஆனால் அதை எழுப்புவதற்கு முன்பாக எண்களைச் சரிபார்த்தேன். இந்த மாடலில் சேஸிஸ் எண் இருக்கைக்கு அடியிலுள்ள சட்டத்திலும், என்ஜின் எண் பின்சக்கரத்தை ஒட்டிய என்ஜின் உறையிலும் பொறிக்கப்பட்டிருந்தன. எண்ணெயும் தூசியும் படிந்திருந்ததால் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் பொறித்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும், சுற்றிலும் அரத்தால் தேய்த்த கீறல் இருந்தாலும் கண்ணில் படும். சேஸிஸ் எண்ணின் நடுவே ஓரிடம் ஓ என்ற ஆங்கில எழுத்துப் போலத் தெரிந்தது, ஆர்.சி.யில் அங்கே பூஜ்யம் இருந்தது. ஒரு கணம் தயங்கினேன். 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணில் I, O, Q என்ற மூன்று எழுத்துகளைப் பயன்படுத்துவதே இல்லை, எண்களோடு குழம்பும் என்பதற்காகவே அவற்றை விலக்கியிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தத் தயக்கம் தீர்ந்தது. மீதி எழுத்துகளை ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக, விரலை வைத்து வாசித்து முடித்தேன். கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போனால் போதும் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

பிறகு டயர்களைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். முன் டயரில் 1119 என்றிருந்தது, அதாவது 2019ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். வண்டி 2019 ஜூனில் பதிவானது என்பதால் அது வண்டியோடு வந்த டயர்தான். பின் டயரிலோ 3521 என்றிருந்தது. அது 2021 ஆகஸ்ட் இறுதியில் தயாரானது, ஆகவே அதன் பிறகு மாற்றப்பட்டது. எனக்கு உறுத்திய இடம் இதுதான். மீட்டர் 11,240 காட்டியது. பதிவாகி 56 மாதங்கள் ஆகியிருந்தன. அப்படியானால் மாதத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 2021 செப்டம்பர் வரை வண்டி ஐந்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. அவ்வளவு குறைந்த தூரத்தில் ஒரு பின் டயர் தேய்ந்து தீர்ந்துபோவது இயல்பல்ல. பஞ்சராகிக் கிழிந்திருக்கலாம்தான், ஆனால் கைப்பிடி ரப்பரின் கோடுகள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன, பிரேக் நெம்புகோலின் பூச்சு விரல் படும் இடத்தில் போயிருந்தது. மீட்டர் கண்ணாடியோ மற்ற பாகங்களைவிடப் புதிதாக, கீறலே இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டேன். இலவச சர்வீஸ் சீட்டுகளில் முத்திரை இருந்தது. அதன் பிறகு புத்தகம் வெறுமையாக இருந்தது. பழைய பில்கள் எங்கோ இருக்கும் என்றார். தேடட்டும் என்று காத்திருப்பதைவிட, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அவருடைய தொலைபேசியிலிருந்தே அவரையே பேசச் சொன்னேன். வண்டியின் வரலாற்றை வெளியாருக்குச் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து உரிமையாளரே கேட்டால் சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் வரலாறு முழுவதும் அவருடைய தொலைபேசிக்கு வந்துவிட்டது. பில்லின் தொகையையோ மாற்றிய பாகங்களையோ முதலில் பார்க்காமல், ஒவ்வொரு வருகையிலும் குறித்திருந்த மீட்டர் அளவை மட்டும் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதினேன். எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. 2022 மார்ச்சில் 17,860 என்று நின்றது. அடுத்த வருகை 2022 ஜூனில். அங்கே 18,430 என்று இருந்தது. அதே பில்லில், முன்பக்க உறை, இடது கண்ணாடி, மீட்டர் அசெம்பிளி ஆகியவற்றை மாற்றியதாகக் குறிப்பும் இருந்தது. அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் பக்கமே வண்டி போகவில்லை.

தாளை அவரிடம் காட்டினேன். முகம் சுருங்கிப்போனது. மழையில் வண்டி சறுக்கி விழுந்ததும், மீட்டர் உடைந்து புதிதாகப் போட்டதும் அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்னு யோசிக்கவே இல்லை சார்” என்றார். அவர் சொன்னதை அவருடைய முகத்தை வைத்து மட்டும் நம்ப வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. கணக்கே அதைச் சொன்னது. 2019 ஜூனிலிருந்து 2022 மார்ச் வரை 33 மாதங்களில் 17,860 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 540 கிலோமீட்டர். மீட்டர் மாற்றிய ஜூனிலிருந்து நான் பார்த்த நாள்வரை 20 மாதங்களில் 11,240 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 560. அதே மனிதர், அதே வேலைக்குப் போய்வந்த பழக்கம், ஏறக்குறைய அதே வேகம். வேண்டுமென்றே மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருந்தால் இரண்டு பகுதிகளும் இப்படிப் பொருந்துவது அரிது. ஆக, வண்டி உண்மையில் ஓடியது 18,430-உம் 11,240-உம் சேர்ந்து 29,670 கிலோமீட்டர். டயர் மாறிய காலத்தில் அது பதினைந்தாயிரத்தைத் தொட்டிருக்கும். அந்தத் தூரத்தில் பின் டயர் தீர்வது இயல்பு.

விழுந்த வண்டி என்று தெரிந்துவிட்டதால், அந்தக் கண்ணோடு மறுபடியும் பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, தரையை விட்டு எழும்பிய முன்சக்கரத்தோடு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பினேன். நடுவில் எங்கும் பிடித்துத் தட்டவில்லை. பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து பார்த்தபோது இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருந்தன. முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. என்ஜின் முதல் அழுத்தத்திலேயே எழுந்தது. ஓட்டிப் பார்த்தபோது மட்டும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நடுக்கம் தெரிந்தது. உரிமையாளர் கையேட்டில் டிரைவ் பெல்ட்டை மாற்றச் சொன்ன தூரத்தை வண்டி தாண்டியிருந்தது. மீட்டரோ, அந்தத் தூரத்துக்கு இன்னும் வெகுநாள் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் தவறாக இருந்தால் விலை மட்டும் தவறுவதில்லை, பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பதும் தவறிவிடும். ஓடிய தூரத்துக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துப் பேசினோம். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.

இனி பணம். முடிவான விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், கணக்கு புரிய அதுவே எளிது. அன்றே 2 பங்கை முன்பணமாகக் கொடுத்தேன். ஒரு தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டோம்: என்.ஓ.சி. கிடைத்த பிறகே மீதித் தொகை, முப்பது நாளில் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும், அதுவரை வண்டி அவரிடமே இருக்கும். இந்த மூன்றாவது நிபந்தனை என் பாதுகாப்புக்காகவும்தான். பெயர் மாறாத வண்டியை நான் ஓட்டி விபத்து நேர்ந்தால், அவரும் நானும் காப்பீட்டு நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இரண்டு நாள் கழித்து அவரும் நானும் நிதி நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். கடன் கணக்கின் முழு விவரத் தாளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். 36 தவணைகளும் வரவாகியிருந்தன. ஆனால் 14ஆவது, 15ஆவது தவணைகள் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி, அடுத்தடுத்த மாதங்களில் தாமதமாகக் கட்டப்பட்டிருந்தன. தவணை திரும்பியதற்கான கட்டணமும் தாமதக் கட்டணமும் தவணைக் கணக்கில் சேராமல், தாளின் அடியில் ‘இதர நிலுவை’ என்று தனியாக நின்றன. நிற்கும் ஒவ்வொரு மாதமும் வளர்ந்தும் இருந்தன. இப்போது அது எங்கள் விலையில் 4 பங்கு அளவுக்கு வந்திருந்தது. கடைசித் தவணை வந்ததும் குறுஞ்செய்தி போய்விட்டது. இந்த நிலுவை இருப்பதால் என்.ஓ.சி. மட்டும் உருவாகவே இல்லை. விவரத் தாளை வாங்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவணைப் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி பூஜ்யமா என்பதுதான் கேள்வி. இன்னொன்றையும் அங்கே கேட்டுக்கொண்டேன்: இவர் பெயரில் இதே நிறுவனத்தில் வேறு கடனோ, வேறு யாருக்காவது ஜாமீன் கையெழுத்தோ இருக்கிறதா என்று. ஒரு கடன் தீர்ந்தாலும் இன்னொன்று நிலுவையில் இருந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி என்.ஓ.சி.யை நிறுத்திவைப்பதுண்டு. இவருக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

அந்த 4 பங்கைத் தம் கையில் கொடுத்தால் தாமே கட்டிவிடுவதாக அவர் சொன்னார். நான் பணிவாக மறுத்து, இன்ன தேதிவரை செல்லும் என்று குறித்த தீர்வுத் தொகைச் சீட்டைக் கிளையிலேயே எழுத்தில் வாங்கி, அவருடைய கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, நிதி நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே நேராகச் செலுத்தினேன். ரசீதில் அந்தக் கடன் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுந்தேன். தேதி குறித்திருப்பதற்குக் காரணம் உண்டு: வட்டியும் கட்டணமும் நாள்தோறும் கூடுவதால், தேதி தாண்டிக் கட்டினால் சில்லறை நிலுவை மறுபடியும் நின்று, பழைய கதையே திரும்பத் தொடங்கும். நிலுவை 4 பங்காக இல்லாமல் 40 பங்காக இருந்திருந்தாலும் இதே வழியைத்தான் பின்பற்றியிருப்பேன். நிலுவை விலையைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும், அவர் தம் பணத்தைப் போட்டுக் கடனைத் தீர்த்து என்.ஓ.சி. வாங்கும்வரை நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன். அந்த நிலையில் நான் கட்டும் பணம் கடனையும் தீர்க்காது, வண்டியையும் எனக்குத் தராது.

பத்து வேலைநாளில் என்.ஓ.சி. தபாலில் வரும் என்றார்கள். பதினைந்து நாளாகியும் வரவில்லை. விசாரித்தபோது, அது அனுப்பப்பட்டு, முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பியிருந்தது. அவர் வீடு மாறியதைக் கடன் கணக்கில் சொல்லவே இல்லை. மறுபடியும் கிளைக்குப் போய், அவரே கையெழுத்திட்டு நேரில் வாங்கினார். வாங்கிய இடத்திலேயே நின்று, அதிலிருந்த பதிவு எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், பெயர் ஆகியவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். அதில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பும். மேசையின் முன் நிற்கும்போது திருத்துவது எளிது, மாதம் கழித்துப் போய்க் கேட்பது கடினம். என்.ஓ.சி.யில் அது எந்தத் தேதிவரை செல்லும் என்றும் அச்சிட்டிருந்தது. ஆகவே அதை வைத்துக்கொண்டு காலம் கடத்த முடியாது.

அன்று மாலையே ஒப்படைப்பு வேலையைத் தொடங்கினோம். பெயர் மாற்றப் படிவங்களிலும், கடன் கொடுத்தவரின் பெயரை நீக்கும் விண்ணப்பத்திலும் அவர் என் முன்னால் கையெழுத்திட்டார், கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வண்டியின்மீது கட்டாத அபராதம் ஏதும் இருக்கிறதா என்று தளத்தில் பார்த்தோம். ஒன்று இருந்தது, அவர் அங்கேயே கட்டினார். பிறகு 84 பங்கைச் செலுத்தும் நேரம் வந்தது. “சார், என் மச்சான் அக்கவுண்ட்டுக்குப் போட்டுடுங்க, என்னோட அக்கவுண்ட்ல லிமிட் இருக்கு” என்றார். ஆர்.சி.யில் உள்ள பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாளை ஒரு தகராறு வந்தால், வண்டியின் உரிமையாளருக்கு நான் பணம் கொடுத்தேன் என்பதற்கு வங்கிக் குறிப்பு ஒன்றே சாட்சி. மச்சானுக்குப் போன பணம் மச்சானுக்குப் போன பணம்தான். வரம்பு இருப்பதால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுவது, இரண்டாவது நாள் வண்டியை எடுப்பது என்று ஒத்துக்கொண்டோம். முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, அது வந்துவிட்டதா என்று அவர் தம் வங்கிச் செயலியைத் தாமே திறந்து பார்த்துச் சொன்ன பிறகே பெரிய தொகையை அனுப்பினேன். இது அவருக்கும் பாதுகாப்பு. பணம் அனுப்பியதாகப் போலிப் படத்தைக் காட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அவரிடம் ஒன்றைச் சொல்லிவைத்தேன்: பணம் வாங்குவதற்கு எந்த க்யூ.ஆர். குறியீட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணையும் இட வேண்டியதில்லை; இட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும்.

ஒப்படைப்புத் தாளில் தேதியோடு நேரத்தையும் எழுதினோம், மாலை 5.40 என்று. அந்த நிமிடத்துக்கு முன் நடந்த அபராதமும் விபத்தும் அவருடையது, பின் நடப்பது என்னுடையது. மீதி 10 பங்கையும் இரண்டாவது சாவியையும், பதிவேட்டில் என் பெயர் ஏறும்வரை அவரவர் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இதை அவர் முதலில் அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டார். பதிவு அலுவலகம் ஏதாவது கேட்டால் மறுபடியும் அவருடைய கையெழுத்து தேவைப்படும், அதற்கு அவர் வர ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நேரடியாகவே சொன்னேன், ஒத்துக்கொண்டார். உண்மையிலேயே ஒருமுறை வர வேண்டியும் இருந்தது, ஒரு படிவத்தில் முகவரி பழையதாக இருந்ததால். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க ஒரு கெடு உண்டு. நான் மறுநாளே விண்ணப்பித்தேன், காப்பீட்டையும் என் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுத்தேன்.

நான்காவது வாரத்தில் தளத்தில் பார்த்தபோது உரிமையாளர் இடத்தில் என் பெயர் இருந்தது. நிதி நிறுவனத்தின் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது. அன்றே 10 பங்கை அனுப்பினேன், அவர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரமே சர்வீஸ் சென்டரில் விட்டு டிரைவ் பெல்ட்டை மாற்றினேன். மெக்கானிக் பழைய பெல்ட்டை வளைத்துக் காட்டினார். பற்களுக்கு இடையே குறுக்காக வெடிப்புகள் தெரிந்தன. பில்லில் மீட்டர் அளவு 11,310 என்று வந்திருந்தது. அதன் அருகிலேயே, பழைய மீட்டரில் 18,430, மொத்தம் 29,740 என்று எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். அந்த பில்லை என்.ஓ.சி. நகலோடு சேர்த்து ஆர்.சி. உறைக்குள் வைத்திருக்கிறேன்.